தீப்பிடிக்கும் நாளின் மதிப்பு

தணிக்கைக்குப் போகும் இடங்களில் இன்ஷ்யூரன்ஸ் கோப்பைப் பார்ப்பது பெரும்பாலும் கடைசி நாள் மாலை வேலையாகத்தான் இருக்கிறது. பாலிசி இருக்கிறதா, பிரீமியம் கட்டியாயிற்றா, அடுத்த வருடத்துக்கான பங்கை முன்செலுத்திய செலவாகப் பிரித்தாயிற்றா என்று மூன்று டிக் போட்டுவிட்டு ஆர்ட்டிகிள் பையன் அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறான். அந்த மூன்றும் கணக்கு எழுதுவதைப் பற்றிய கேள்விகள். நாளைக்குத் தீப்பிடித்தால் இந்தப் பாலிசி எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்வியை அவற்றில் எதுவும் தொடவில்லை. அதைத்தான் இன்றைக்கு டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை. ஆனால் இந்த அமைப்பை அந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வாடகைக் கட்டடம். உள்ளே தையல் மெஷின்கள், கட்டிங் டேபிள்கள், இரண்டு நிட்டிங் மெஷின்கள், பாய்லர், ஜெனரேட்டர். நூல், கிரே துணி, சாயம் போட்டு வந்த துணி, பேக் ஆன பீஸ் என்று ஸ்டாக். பாலிசி அட்டவணையில் இரண்டே வரிகள்: இயந்திரங்கள் 60 லட்சம், ஸ்டாக் 1.60 கோடி. முதலாளியைக் கேட்டால், “ஏனுங்க சார், புக் வேல்யூவ விட அதிகமாவே போட்டிருக்கோமுங்க” என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தீக் காப்பீட்டுப் பாலிசியில் உள்ள ஒரு நிபந்தனை. ஆவரேஜ் கண்டிஷன் என்பார்கள். நஷ்டம் நடந்த நேரத்தில் சொத்தின் மதிப்பு காப்பீட்டுத் தொகையைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்குச் சொத்துக்காரரே தனக்குத்தானே இன்ஷ்யூரர் என்று வைத்துக்கொண்டு, நஷ்டத்தில் அந்த விகிதத்தை அவர் தலையிலேயே வைத்துவிடுவார்கள். அட்டவணையில் எத்தனை வரி இருக்கிறதோ, ஒவ்வொரு வரிக்கும் இதைத் தனித்தனியாகப் போடுவார்கள். ஒரு வரியில் மிச்சம் இருக்கிறது என்பதால் இன்னொரு வரியின் பற்றாக்குறை அடைபடாது.

ஸ்டாக் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொகை 1.60 கோடி. தீப்பிடித்த அன்று உள்ளே இருந்த சரக்கு 2.40 கோடி. எரிந்தது 45 லட்சம் மட்டும். முதலாளி மனதில் ஓடும் கணக்கு என்ன? ஒன்றரைக் கோடிக்கு மேல் பாலிசி இருக்கிறது, போனது 45 லட்சம், முழுசாக வந்துவிடும். சர்வேயர் போடும் கணக்கு வேறு. 1.60-ஐ 2.40-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு. 45 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு 30 லட்சம். அதிலும் பாலிசியில் எழுதியுள்ள கழிவுத் தொகை போகும். மீதி 15 லட்சம் கம்பெனியின் கையிலிருந்து. சரக்கு முழுவதும் எரிந்தால்தானே குறைவான தொகை பிரச்சினையாகும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் முகம் மாறிவிடும். சின்ன நஷ்டத்திலும் அதே விகிதம் வெட்டும்.

இதில் ஒரு தளர்வு உண்டு. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சிறு தொழில்களுக்கு இரண்டு பொதுப் பாலிசிகள் வந்திருக்கின்றன. ஒரே இடத்தில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’, அதற்கு மேல் 50 கோடி வரை என்றால் ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’. இவற்றில் 15 சதவீதம் வரையிலான குறைவுக் காப்பீட்டைக் கண்டுகொள்வதில்லை. நம் எடுத்துக்காட்டில் 2.40 கோடியில் 85 சதவீதம் 2.04 கோடி, அந்த அளவுக்காவது தொகை போட்டிருந்தால் வெட்டு விழுந்திருக்காது. 1.60 கோடி அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தத் தளர்வு என்னவாகிறது என்பதைப் பாலிசியின் வாசகத்தை எடுத்து வரி வரியாகப் படித்து வொர்க்கிங் பேப்பரில் எழுதிவைப்பது தணிக்கையாளரின் வேலை. ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது. 5 கோடி, 50 கோடி என்ற எல்லைகளும் சொத்தின் உண்மை மதிப்பைப் பற்றியவை. நாம் போட்டிருக்கும் தொகையைப் பற்றியவை இல்லை. தொகையைக் குறைத்துக் காட்டி நுழைந்த பாலிசி என்றால் அதையும் குறித்துவிட வேண்டும்.

ஆகவே நம் வேலை எல்லாம் ஒரே எண்ணைத் தேடுவதுதான்: தீப்பிடிக்கும் நாளில் சர்வேயர் எந்த மதிப்பைப் போடுவார்? மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் அந்த எண் கிடைக்காது.

இயந்திரங்களில் தொடங்குவோம். சொத்துப் பதிவேட்டில் 2014-15-இல் வாங்கிய தையல் மெஷின்களும் மற்றவையும் 80 லட்சம். வருமான வரிக் கணக்குப்படி ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் பத்து ஆண்டுகளில், அதாவது 2024 மார்ச்சில், அது 15.75 லட்சமாகிவிடும். 2020-21-இல் வாங்கிய நிட்டிங் மெஷின்கள் 40 லட்சம். அவை நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 20.9 லட்சம். இரண்டும் சேர்ந்து 36.6 லட்சம். பாலிசியில் 60 லட்சம் இருப்பதைப் பார்த்து முதலாளி நிம்மதியாக இருக்கிறார். ஆனால் தேய்மானம் என்பது வாங்கிய விலையை வருடங்களுக்குப் பங்கு போடும் வேலை. அந்த மெஷினை இன்றைக்குச் சந்தையில் வாங்க எவ்வளவு ஆகும் என்று அது சொல்வதில்லை.

இங்கே பாலிசி எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். இரண்டு அடிப்படைகள் உண்டு. ரீஇன்ஸ்டேட்மென்ட் அடிப்படை என்றால் அதே திறனுள்ள புது மெஷினை இன்று வாங்கி நிறுவ ஆகும் செலவு. மார்க்கெட் வேல்யூ அடிப்படை என்றால் அந்தப் புது விலையிலிருந்து வயதுக்கும் உழைப்புக்கும் உரிய பங்கைக் கழித்தது. கவனியுங்கள், இரண்டும் தொடங்குவது இன்றைய புது விலையிலிருந்து. பழைய பில்லில் இருந்து எதுவும் தொடங்குவதில்லை.

நம் கம்பெனியில் சப்ளையர்களிடம் கொட்டேஷன் வாங்கினால், 80 லட்சத்துக்கு வாங்கிய கூட்டத்தை இன்று வாங்க 1.30 கோடி, நிட்டிங் மெஷின்களுக்கு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.80 கோடி. ரீஇன்ஸ்டேட்மென்ட் பாலிசியில் 60 லட்சம் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் காப்பு. 30 லட்சத்துக்கு மெஷின்கள் எரிந்தால் 10 லட்சம் வரும். மார்க்கெட் வேல்யூ என்றால்? பழைய கூட்டம் பாதி ஆயுளைக் கடந்ததாக வைத்தால் 65 லட்சம், நிட்டிங் மெஷின்கள் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்ததாக வைத்தால் 40 லட்சம். மொத்தம் 1.05 கோடிக்கு எதிரே 60 லட்சம். விகிதம் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் நஷ்டத்தையும் பழைய மெஷினின் விலைக்கே கணக்கிடுவார்கள். பழைய கூட்டத்தில் புதுசுக்கு 30 லட்சம் ஆகும் மெஷின்கள் எரிந்தால் நஷ்டம் 15 லட்சம், அதில் கைக்கு வருவது எட்டரை லட்சம் சொச்சம். எந்த வழியில் போனாலும் புது மெஷின் வாங்கக் காணாது.

ரீஇன்ஸ்டேட்மென்டுக்கு ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. உண்மையிலேயே மாற்றி வாங்கி நிறுவினால்தான் அந்த அடிப்படையில் பணம். வழக்கமாக 12 மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். அவகாசம் வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். தொழிலையே மூடிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றால் மார்க்கெட் வேல்யூதான். ஸ்டாக்குக்கு ரீஇன்ஸ்டேட்மென்ட் அடிப்படையே கிடையாது.

புது விலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். எல்லா மெஷினுக்கும் கொட்டேஷன் வாங்க வேண்டியதில்லை. மதிப்பில் பெரிய பத்துப் பதினைந்து மெஷின்களுக்கு வாங்கினால் போதும்; அந்த விகிதத்தை மற்றவற்றுக்கு நீட்டலாம். இறக்குமதி மெஷின் என்றால் இன்றைய டாலர், யூரோ விலையில் போட்டு, சுங்க வரி, கப்பல் கூலி, இறக்கி நிறுவும் செலவு எல்லாம் சேர்க்க வேண்டும். வாங்கிய வருடத்து மாற்று விகிதத்தில் விட்டுவைத்தால் அதிலேயே ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கும்.

பதிவேட்டை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். வருடத்தின் நடுவில் வாங்கிய சொத்துகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்து இறங்கியது, பாலிசியில் என்டார்ஸ்மென்ட் எந்தத் தேதியில் ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஜூலையில் மெஷின் வந்திருக்கும், ஏப்ரல் புதுப்பிப்பில்தான் சேர்த்திருப்பார்கள். இடையில் ஒன்பது மாதம் அது தானும் முழுக் காப்பு இல்லாமல் இருந்து, அதே வரியில் உள்ள மற்ற மெஷின்களின் விகிதத்தையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் ஸ்டாக் தவிர்த்த புதுச் சேர்க்கைகளுக்கு 15 சதவீதம் வரை உள்ளேயே இடம் இருக்கிறது. அதை நம்பிப் பெரிய இயந்திரத்தை விட்டுவிடக் கூடாது. மறுபக்கம், விற்றுவிட்ட மெஷினுக்கும் உடைத்துப் போட்ட பாய்லருக்கும் இன்னும் பிரீமியம் போய்க்கொண்டிருக்கும். சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் கிரயப் பத்திரத்து மொத்தத் தொகையை எடுத்துப் போட்டிருப்பார்கள். அதில் நிலத்தின் விலையும் அடங்கும், நிலம் எரியாது. வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள் தாங்கள் செலவு செய்த வயரிங், பேனல், ரேக், பார்ட்டிஷனை எந்த வரியிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

இனி ஸ்டாக். தணிக்கையில் அதிக நேரம் கேட்கும் இடம் இதுதான், ஏனென்றால் இது தினமும் மாறுகிறது.

1.60 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். பல கம்பெனிகளில் பதில் ஒன்றுதான்: வங்கியிலிருந்து. கேஷ் கிரெடிட் வரம்பு 1.20 கோடி, மார்ஜின் 25 சதவீதம், அப்படியானால் 1.60 கோடி சரக்கு அடமானத்தில் இருந்தால் வங்கிக்குப் போதும். அந்த அளவுக்குப் பாலிசி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். வங்கி தன் கடனைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு அது. கம்பெனியின் சரக்கு எவ்வளவு என்று அதில் யாரும் கேட்கவில்லை. ஆனால் சர்வேயர் கேட்பார். வரம்புக்கு மேலே இருக்கும் சரக்கையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார்.

அடுத்து, எந்த நாளின் ஸ்டாக்கோடு ஒப்பிடுவது? மார்ச் 31-இல் நம் கம்பெனியின் ஸ்டாக் 1.10 கோடி. அதை வைத்துப் பார்த்தால் 1.60 கோடி தாராளம். மாதக் கடைசியில் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டுகளை அடுக்கிப் பார்த்தால் அக்டோபரில் 2.05 கோடி. அப்போதே குறைவு தெரிந்துவிட்டது. ஆனாலும் அங்கே நிறுத்தாதீர்கள். மாதக் கடைசி என்பது சரக்கு அனுப்பி முடித்த நாள். பில் போடுவதற்காக எல்லோரும் கடைசி வாரத்தில் கன்டெய்னர் ஏற்றுவார்கள். உச்சம் அதற்கு முந்தைய வாரத்தில் இருக்கும். நூல் வரவு, துணி வரவு, கட்டிங், பேக்கிங், டெஸ்பாட்ச் பதிவுகளை வைத்து நாள்வாரியாக இருப்பைக் கட்டினால் அக்டோபர் நடுவில் ஃபேக்டரிக்குள் 2.40 கோடி என்று வந்து நிற்கும். ஸ்டாக் மென்பொருள் இருந்தால் இது அரை நாள் வேலை. இல்லாவிட்டாலும் வருடத்தில் மூன்று உச்ச மாதங்களுக்கு மட்டும் கையால் கட்டிப் பார்க்கலாம். செய்யத் தகுந்த வேலை இது. நான் பார்த்தவரை முழுத் தணிக்கையில் முதலாளிக்கு நேரடியாகப் பயன்படும் தாள் இந்த ஒன்றுதான்.

மதிப்பு எந்த விலையில்? நூலும் துணியும் வந்து சேர்ந்த அடக்க விலையில். பேக் ஆன பீஸ், அதுவரை செலவான கூலி, சாயம், அச்சு எல்லாம் சேர்த்த உற்பத்திச் செலவில். பாலிசி வழக்கமாக விற்பனை விலையைக் கொடுக்காது. லாபம் அதில் அடங்காது. விற்றுவிட்டு இன்னும் அனுப்பாத சரக்குக்கு ஒப்பந்த விலையில் காப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி வாசகம் சேர்க்க வேண்டும்.

ஜிஎஸ்டியை இங்கே மறப்பவர்கள் அதிகம். வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டதால் கணக்கில் ஸ்டாக் வரியில்லாமல் நிற்கிறது. ஆனால் சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி, அழிந்த, திருடுபோன, தொலைந்த சரக்குக்கு எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பருத்தி நூலுக்கு 5 சதவீதம் என்று வைத்தாலும் 45 லட்சம் சரக்கு எரிந்தால் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே அரசுக்குப் போகும். அந்தப் பணத்தையும் கிளெய்மில் கேட்க வேண்டுமென்றால் காப்பீட்டுத் தொகையிலும் அது அடங்கியிருக்க வேண்டும், எந்த அடிப்படையில் தொகை போடப்பட்டது என்று முன்மொழிவுப் படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும். நம் 2.40 கோடியை 2.52 கோடி என்று படிப்பது பாதுகாப்பு.

இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கும். உச்சத்துக்கே தொகை போட்டால் பதினோரு மாதம் வீணாக அதிகப் பிரீமியம் கட்ட வேண்டாமா? நியாயமான கேள்வி. உச்ச மாதங்களுக்கு மட்டும் என்டார்ஸ்மென்ட் போட்டுத் தொகையை ஏற்றலாம். டிக்ளரேஷன் அடிப்படை என்று ஒரு ஏற்பாடும் உண்டு: உச்சத் தொகைக்குப் பாலிசி எடுத்து, மாதாமாதம் உண்மையான ஸ்டாக்கை அறிவித்து, வருட முடிவில் அதிகமாகக் கட்டிய பிரீமியத்தில் ஒரு வரம்பு வரை திரும்பப் பெறலாம். அந்த ஏற்பாடு இருக்கும் கம்பெனியில் தணிக்கையாளர் பார்க்க வேண்டியது மாத அறிவிப்புகள் தவறாமல் போயினவா, போன எண் ஸ்டாக் பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதை.

ஸ்டாக் எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் சேர வேண்டும். திருப்பூரில் துணி ஓரிடத்தில் நிற்காது. டையிங்குக்குப் போகும், காம்பாக்டிங் போகும், பிரிண்டிங், எம்பிராய்டரி, சில சமயம் தைப்பதற்கே வேறு யூனிட்டுக்குப் போகும். பாலிசி அட்டவணையில் எழுதியிருப்பது ஃபேக்டரியின் கதவு எண். அதே அக்டோபரில் நம் கம்பெனியின் துணி 45 லட்சத்துக்கு ஜாப் வொர்க் யூனிட்டுகளில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயப் பட்டறையில் தீப்பிடித்தால் அவர்களுடைய பாலிசியில் அவர்களுடைய கட்டடமும் மெஷினும் இருக்கும். அடுத்தவர் துணி பொறுப்பில் இருப்பதாக எழுதியிருந்தால் ஒழிய நம் துணி அதில் வராது. நம் பாலிசியில் அந்த முகவரியும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நல்ல ஆவணம் ஒன்று ஏற்கெனவே கம்பெனியிலேயே இருக்கிறது. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்கின் விவரம் ஜிஎஸ்டியில் ஐ.டி.சி.-04 படிவத்தில் போகிறது. அதில் வரும் யூனிட்டுகளை டெலிவரி சலான்களோடு ஒப்பிட்டு, முகவரிகளை எழுதி, பாலிசியின் இடப் பட்டியலுக்கு நேராக வையுங்கள். பட்டியலில் இல்லாத ஒவ்வொரு முகவரியும் ஒரு குறிப்பு. தீர்வு, அந்த இடங்களைச் சேர்த்து ஃப்ளோட்டராக எடுப்பது. ஒரே தொகை எல்லா இடங்களிலும் நகர்ந்துகொள்ளும். அதே போல நம் ஃபேக்டரிக்குள்ளும் வெளியாருடைய சரக்கு இருக்கும். வாங்குபவர் அனுப்பிய லேபிள், ஜிப், பட்டன், சில சமயம் துணியே. அது எரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நம் முதலாளி. பொறுப்பில் உள்ள அடுத்தவர் சரக்கு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டிராயிங் பவர் கூடுவதற்காக வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டேட்மென்டில் ஸ்டாக்கை ஏற்றிக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தீப்பிடித்த பிறகு சர்வேயர் கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் தொடக்க இருப்பு, வாங்கியது, விற்றது என்று வைத்து அவர் கட்டும் இருப்பு ஒரு எண்ணாகவும், வங்கி ஸ்டேட்மென்ட் பெரிய எண்ணாகவும் நிற்கும். கூடுதல் எண்ணை ஏற்றால் ஆவரேஜ் வெட்டு ஆழமாகும். ஏற்காவிட்டால் வங்கிக்குப் பொய் சொன்னதாகும், கிளெய்மின் நம்பகமே போய்விடும். 5 கோடிக்கு மேல் செயல்பாட்டு மூலதன வரம்பு உள்ள நிறுவனங்களில் இந்த ஸ்டேட்மென்டுகள் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று காரோ 2020 அறிக்கையிலேயே சட்டத் தணிக்கையாளர் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய கம்பெனியிலும் அந்த ஒப்பீட்டைச் செய்துவிடுங்கள்.

எந்த ஆபத்துக்குக் காப்பு என்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரலாம். பழைய வகைத் தீ பாலிசியில் புயல், வெள்ளப் பிரிவை வேண்டாமென்று நீக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தது. நிலநடுக்கம் கேட்டு வாங்க வேண்டிய கூடுதல். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் பார்த்த பிறகு, நீக்கப்பட்ட ஆபத்துகள் என்ற பகுதியைப் படிக்காமல் யாரும் கோப்பை மூடக் கூடாது. களவுக்குத் தனிப் பாலிசி இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாகப் புதுப்பிப்பு. கேட்பதற்கு எளிதான வேலை, ஆனால் நான் இதை அவசரமாகச் செய்ய விடுவதில்லை.

மோட்டார், மருத்துவப் பாலிசிகளில் பழகியவர்கள் இங்கேயும் சில நாள் சலுகை இருக்கும் என்று நினைக்கிறார்கள். தீ பாலிசி கெடு முடிந்த நள்ளிரவோடு முடிகிறது. அடுத்தது ஒரு புது ஒப்பந்தம். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64VB பிரிவின்படி பிரீமியம் கையில் வராமல் காப்பீட்டு நிறுவனம் ஆபத்தை ஏற்க முடியாது. ஆகவே பழைய பாலிசியின் முடிவு, புதுப் பாலிசியின் தொடக்கம் இரண்டையும் தேதியோடு நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மார்ச் 31 நள்ளிரவு முடிந்து, ஏப்ரல் 3 மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியிருந்தால் இடையில் இருந்தது வெறும் கட்டடமும் சரக்கும்தான். வருட முழுமைக்கும் பிரீமியம் செலவெழுதியிருப்பதால் கணக்குப் புத்தகத்தில் இந்த இடைவெளி தெரியாது.

பணம் போன தடத்தையும் பாருங்கள். காசோலை கொடுத்த தேதி போதாது, வங்கிக் கணக்கில் அது பாஸான தேதி வேண்டும். பிரீமியக் காசோலை திரும்பினால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்தது என்றால் நிறுவனத்தின் ரசீது எண்ணும் தேதியும் இல்லாமல் ஏற்காதீர்கள்.

வங்கியே பிரீமியத்தை டெபிட் செய்து புதுப்பிக்கும் ஏற்பாட்டில் இன்னொரு சிக்கல். வங்கி செய்யும் என்று முதலாளி இருப்பார்; முதலாளி செய்வார் என்று கிளை மேலாளர் இருப்பார். மேலாளர் மாறிய வருடத்தில் இது அதிகம். கடன் அனுமதிக் கடிதத்தில் பொறுப்பு யாருடையது என்று படித்து, கேஷ் கிரெடிட் கணக்கில் அந்த டெபிட் விழுந்திருக்கிறதா என்று தேடி, பாலிசியின் நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடன் வேறு வங்கிக்கு மாறியிருந்தால் பாலிசியில் இன்னும் பழைய வங்கியின் பெயர் இருக்கும்; கிளெய்ம் பணம் அந்தப் பெயருக்குத்தான் போகப் பார்க்கும்.

தேதியும் பணமும் சரி என்றால், மூன்று வருடத்துப் பாலிசிகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். மூன்றிலும் ஒரே வட்டமான எண்கள் இருந்தால் யாரும் மதிப்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். போன வருடத்ததை அப்படியே போடச் சொல்லியிருப்பார்கள். முகவரி, நடக்கும் தொழில், மேல் மாடியின் கூரை ஷீட்டா கான்கிரீட்டா என்பது எல்லாம் வரிக்கு வரி ஒப்பிடப்பட வேண்டும். கார்மென்ட்ஸ் என்று எழுதிய இடத்தில் இப்போது பிரிண்டிங்கும் நடக்கிறதென்றால் ஆபத்தின் தன்மை மாறிவிட்டது. சொல்லாமல் விட்டால் பாலிசியின் நிபந்தனை மீறல். ஆர்டர் இல்லாமல் ஒரு கட்டடம் 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்ததா என்றும் கேளுங்கள். பழைய வகைத் தீ பாலிசியின் நிபந்தனைப்படி, முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்காவிட்டால் அத்தகைய கட்டடத்தில் உள்ளவற்றுக்குக் காப்பு நின்றுவிடும்.

நம் கம்பெனிக்கு இதெல்லாம் பார்த்து எழுதும் குறிப்பு இப்படி வரும்: இயந்திரங்கள் 60 லட்சத்துக்கு எதிரே 1.80 கோடி, ஸ்டாக் 1.60 கோடிக்கு எதிரே வரி உட்பட 2.52 கோடி, பாலிசியில் இல்லாத ஜாப் வொர்க் இடங்களில் 45 லட்சம். ஃபேக்டரியில் மட்டும் 4.32 கோடி என்பதால் இப்போதைக்கு 5 கோடிப் பாலிசியிலேயே இருக்கலாம். இன்னும் இரண்டு நிட்டிங் மெஷின்கள் வாங்கி, ஸ்டாக்கும் கொஞ்சம் ஏறினால் அடுத்த புதுப்பிப்பில் லகுவுக்கு மாற வேண்டியிருக்கும். இந்தக் குறிப்பை ஆண்டறிக்கையோடு செப்டம்பரில் கொடுத்தால், அக்டோபர் உச்சத்துக்கு முன் என்டார்ஸ்மென்ட் போட நாள் போதாது. ஜூலையிலேயே கடிதமாக அனுப்பிவிட்டு, என்டார்ஸ்மென்ட் வந்ததும் அதிலுள்ள முகவரிகளை மறுபடி ஒருமுறை சலான் முகவரிகளோடு படித்துப் பாருங்கள்.